சின்ன ஃபிளாட்டை உள்ளது உள்ளபடி விளம்பரத்தில் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 800 சதுர அடிக்குள் இருக்கும் பழைய ஃபிளாட்டைத் தாங்களே விளம்பரம் எழுதி விற்கிறவர்களும் வாடகைக்கு விடுகிறவர்களும் வழக்கமாகக் கேட்பவை இவை. கணக்குகளுக்கெல்லாம் குரோம்பேட்டையில் இருப்பதாக வைத்துக்கொண்ட ஒரே மாதிரி வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். 2 படுக்கையறை, இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, 2006-ல் கட்டியது, விற்பனைக்கு.

"பில்டர் 720 சதுர அடின்னு சொல்லித்தான் வித்தாரு. டேப் வச்சு அளந்தா 500 கூட வரலை. விளம்பரத்துல எதைப் போடணும்?"

இரண்டையும் போடுங்கள், எது எந்த அளவு என்று பெயரோடு. வெறும் "720 சதுர அடி" என்று எழுதுவதுதான் சிக்கல். வாங்க வருகிறவர் அதை வீட்டுக்குள் இருக்கும் இடம் என்றே நினைத்துக்கொள்வார்.

மாதிரி வீட்டை அளப்போம். ஹால் 14க்கு 10 அடி, 140. பெரிய படுக்கையறை 11க்கு 10, 110. சின்னது 10க்கு 9, 90. சமையலறை 8க்கு 7, 56. குளியலறைகள் 28, 24. நடைவழி 18. கூட்டினால் 466 சதுர அடி. அறைகளைப் பிரிக்கும் உள்சுவர்கள் நாலரை அங்குலக் கனம், மொத்தம் 55 அடி நீளம். அது நிற்கும் இடம் சுமார் 21 சதுர அடி. ஆக 487. இதுதான் கார்ப்பெட் ஏரியா. ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் உள்ள வரையறையும் இதேதான்: உள்சுவர் சேரும், வெளிச்சுவர் சேராது, பால்கனி சேராது, குழாய்கள் இறங்கும் டக்ட்டும் சேராது.

அதன்மேல் பால்கனி 28, வெளிச்சுவர்களில் நம் பங்கு சுமார் 60. 575 வந்தாயிற்று. மிச்சமுள்ள 145 சதுர அடி மாடிப்படி, நடைபாதை, மோட்டார் அறை போன்ற பொது இடங்களில் நம் தலையில் ஏற்றிய பங்கு. இதெல்லாம் சேர்ந்துதான் 720, சூப்பர் பில்டப். பில்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 720-க்குள் கட்டில் போட முடியாத இடம் 233 சதுர அடி இருக்கிறது.

அளக்கும்போது ஒரு கவனம். பூச்சுச் சுவரிலிருந்து பூச்சுச் சுவர் வரை அளங்கள், தூண் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் மூலைத் தூண் அரை அடி, முக்கால் அடி உள்ளே வரும். பீரோ அந்த இடத்தில்தான் இடிக்கும்.

"487-னு போட்டா யாரு கூப்பிடுவாங்க? மத்தவங்க எல்லாம் பெரிய நம்பரைத்தானே போடுறாங்க?"

பெரிய எண்ணை நீங்களும் போடுகிறீர்கள், அதனால் தேடலில் காணாமல் போக மாட்டீர்கள். விளம்பரத் தளங்களில் சூப்பர் பில்டப், கார்ப்பெட் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தால் அதனதன் எண்ணை நிரப்புங்கள். ஒரே கட்டம்தான் என்றால் அதில் 720 போட்டுவிட்டு, விவரத்தின் முதல் வரியிலேயே "சூப்பர் பில்டப் 720, கார்ப்பெட் 487, பால்கனி 28 சதுர அடி" என்று எழுதிவிடுங்கள்.

வாங்குகிறவர் இப்போது கணக்குப் போட்டுவிட்டுத்தான் வருகிறார். 46 லட்சம் என்றால் சூப்பர் பில்டப்புக்குச் சதுர அடி ஏறத்தாழ 6,390 ரூபாய், கார்ப்பெட்டுக்கு 9,450. இரண்டாவது எண் அவருக்கு வீட்டுக்குள் நிற்கும்போது தெரியவந்தால் பேரம் கசப்பாகத்தான் தொடங்கும். போனிலேயே தெரிந்திருந்தால், மற்ற வீடுகளுக்கும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட்ட பிறகே கிளம்பி வருவார். பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் பொது இடம் குறைவு. நீச்சல் குளம், கிளப் ஹவுஸ் உள்ள புதிய அடுக்குமாடிகளில் அதே 720-க்குக் கார்ப்பெட் இன்னும் குறைவாகவே கிடைப்பது சகஜம். அந்த ஒப்பீட்டில் உங்கள் சின்ன வீடு நன்றாகவே நிற்கும். எண்ணை மறைத்தால் அந்தச் சாதகமும் மறைந்துவிடும்.

விற்பனை என்றால் யு.டி.எஸ்., அதாவது மனையில் உங்கள் பிரிபடாத பங்கு, எத்தனை சதுர அடி என்பதையும் பத்திரத்தைப் பார்த்து எழுதுங்கள். பழைய ஃபிளாட் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.

"'விசாலமான ஹால்'னு எழுதக் கூடாதா? அப்புறம் என்னதான் எழுதுறது?"

என்ன சாமான் எங்கே நிற்கும் என்று எழுதுங்கள். சின்ன வீடு தேடுகிறவர் மனதில் ஓடுவது அதுதான்: எங்கள் கட்டில் போகுமா, ஃபிரிட்ஜ் எங்கே, வாஷிங் மெஷின் எங்கே. "விசாலமான" என்ற சொல் இதில் எதற்கும் பதில் சொல்லாது.

பெரிய படுக்கையறையைப் பாருங்கள். குயின் சைஸ் கட்டில் 5 அடி அகலம், ஆறரை அடி நீளம். 11 அடிப் பக்கத்தில் கட்டிலுக்கு 5, கப்போர்டுக்கு 2 போனால் 4 அடி மிஞ்சும். இரு பக்கமும் இரண்டிரண்டு அடி, தாராளமாக நடக்கலாம். சின்ன அறையிலும் அதே கட்டில் போகும், ஆனால் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், படிப்பு மேசைக்கு இடம் இருக்காது. 3 அடி ஒற்றைக் கட்டில் என்றால் 4 அடி மேசையும் ஒரு கப்போர்டும் சேர்த்து வைக்கலாம். எனவே "சின்ன அறையில் ஒற்றைக் கட்டில், மேசை, கப்போர்டு, அல்லது சுவரோரம் குயின் சைஸ் கட்டில்" என்று எழுதினால், பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை உள்ள குடும்பம் அது தங்களுக்கான வீடு என்று உடனே புரிந்துகொள்ளும்.

ஹாலுக்கு இன்னொரு அளவு வேண்டும். அதை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு: கதவு குறுக்கிடாத நீண்ட சுவர் எவ்வளவு என்பது. சின்ன ஃபிளாட்டில் வாசல் கதவு, இரண்டு அறைக் கதவுகள், சமையலறை வாசல், பால்கனிக் கதவு எல்லாம் ஹாலில்தான் திறக்கும். 140 சதுர அடி இருந்தும் சோஃபா போட ஒரு சுவர் கிடைக்காத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மாதிரி வீட்டில் 7 அடிச் சுவர் ஒன்று முழுசாக இருக்கிறது. மூன்று பேர் உட்காரும் சோஃபா பெரும்பாலும் ஆறு, ஆறரை அடிக்குள் அடங்கும். "ஹாலில் 7 அடிச் சுவர், மூன்று பேர் சோஃபா போடலாம், எதிரே டி.வி.க்குப் பாயின்ட் உண்டு" என்று எழுதினால் வாசிப்பவர் கண்ணுக்கு ஹால் தெரிந்துவிடும்.

சமையலறையில் மேடை 2 அடி அகலத்தில் ‘எல்’ வடிவமாகப் போனால் நிற்பதற்கு 6க்கு 5 அடி மிஞ்சும். ஒருவர் நிம்மதியாகச் சமைக்கலாம், இரண்டு பேர் என்றால் இடிபடும். ஃபிரிட்ஜ் ஹாலில்தான். வாஷிங் மெஷினுக்குக் குழாயும் தண்ணீர் வெளியேறும் வழியும் எங்கே இருக்கின்றன என்று கட்டாயம் எழுதுங்கள். பால்கனியில் இடம் இருந்து குழாய் இல்லை என்றால் அது மெஷின் வைக்கும் இடம் இல்லை. பரண் எத்தனை, எந்த அறையில் என்பதும் முக்கியம். சின்ன வீட்டில் கொலு பொம்மைப் பெட்டியும் பெரிய அண்டாவும் பரணில்தானே ஏறும்.

"ரெண்டாவது ரூம் ரொம்பக் குட்டி. அதையும் சேர்த்து 2 பி.எச்.கே.ன்னு போடலாமா?"

வெளியே திறக்கும் ஜன்னல் இருக்கிறதா, கட்டில் போட்டபின் கதவு முழுசாகத் திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் படுக்கையறைதான். அளவுக்கு ஒரு பிடிமானம் வேண்டுமானால், தேசியக் கட்டட விதித்தொகுப்பு இரண்டு அறை உள்ள வீட்டில் ஒன்று 9.5 சதுர மீட்டர், மற்றது 7.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அடிக் கணக்கில் சுமார் 102, 81. மாதிரி வீட்டின் 90 சதுர அடி அறை இதில் தேறிவிடுகிறது.

பால்கனியை அடைத்துச் செய்த அறை, ஹாலில் பிளைவுட் தடுப்பு போட்டுப் பிரித்த அறை, ஜன்னலே இல்லாத ஸ்டோர் ரூம் இவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். "1 பி.எச்.கே., கூடவே 7க்கு 6 அடி சிறிய அறை, ஜன்னல் இல்லை, வேலை செய்ய அல்லது சாமான் வைக்க" என்று எழுதுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் தம்பதிக்கு அது பெரிய ஈர்ப்பு. இரண்டாவது படுக்கையறை என்று நம்பி, மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வருகிறவருக்கு அது ஏமாற்றம் மட்டும்தான்.

"நல்ல காத்தோட்டமான வீடுன்னு எழுதுறதுல என்ன தப்பு? நெஜமாவே காத்து வருது."

தப்பில்லை, ஆனால் எல்லா விளம்பரத்திலும் அதே சொல் இருப்பதால் யாரும் அதைப் படிப்பதில்லை. காற்று எதனால் வருகிறது என்று எழுதினால் படிப்பார்கள். இரண்டு பக்கச் சுவர்களில் ஜன்னல் இருந்தால்தான் காற்று ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். "ஹால் ஜன்னல் கிழக்கே, பெரிய அறை ஜன்னல் தெற்கே, சாயங்காலம் கடல்காற்று ஹாலுக்கு வரும்" என்பது வந்து பார்ப்பவர் சரிபார்க்கக்கூடிய செய்தி. பக்கத்துக் கட்டடச் சுவர் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தடியில் சுவர் நின்றால் ஜன்னல் இருந்தும் பகலில் விளக்குப் போட வேண்டியிருக்கும்.

திசை எழுதும்போது எதன் திசை என்று சொல்லுங்கள். "கிழக்குப் பார்த்த வீடு" என்றால் வாங்குகிறவர் நம் வீட்டு வாசல் கதவு என்று எடுத்துக்கொள்வார், எழுதியவர் கட்டடத்தின் கேட்டைச் சொல்லியிருப்பார். வாஸ்து பார்க்கிறவர் இந்த ஒரு வரிக்காகவே வந்து, கதவைப் பார்த்ததும் திரும்பிவிடுவார். மேற்குச் சுவர் முழுக்க வெயில் படும் அறை இருந்தால் அதையும் எழுதுங்கள். மே மாதத்தில் அந்த அறை எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"ஸ்டேஷனுக்கு 5 நிமிஷம்னு எழுதியிருக்கேன். பைக்ல போனா 5 நிமிஷம்தான்."

அப்படியென்றால் "பைக்கில்" என்ற சொல்லும் விளம்பரத்தில் இருக்க வேண்டும். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு ஒரு விதி உண்டு: சாலை வழியாக அளந்த தூரத்தில் 80 மீட்டருக்கு ஒரு நிமிட நடை, மிச்சம் வந்தால் மேல் நிமிடத்துக்கு ஏற்றிவிட வேண்டும். நமக்கு அப்படி விதி இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஸ்டேஷன் 650 மீட்டர் என்றால் 9 நிமிடம்.

வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்காதீர்கள். சென்னையின் புறநகர் ரயில் பாதை ஓரத்தில் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வீடு என்பதே தூரத்தை மாற்றிவிடும். 300 மீட்டரில் பிளாட்பாரம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் மேம்பாலமோ சப்வேயோ தேடிச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். நீங்களே வீட்டு வாசலிலிருந்து டிக்கெட் கவுன்டர் வரை ஒருமுறை நடந்து பாருங்கள்.

ஏரியா பெயரும் இதே கதைதான். மேடவாக்கத்தில் இருக்கும் வீட்டை "வேளச்சேரி அருகில்" என்று போட்டால் வேளச்சேரி தேடுகிறவர்கள் அழைப்பார்கள், இடம் கேட்டதும் வைத்துவிடுவார்கள். மேடவாக்கத்திலேயே வீடு தேடுகிறவர் உங்கள் விளம்பரத்தைப் பார்க்கவே மாட்டார்.

"குறையை நானே எழுதணுமா? வந்து பார்த்தா தெரிஞ்சுடப் போகுது."

வந்து பார்த்தால் தெரிகிற குறையையும் எழுதுங்கள், தெரியாத குறையைக் கட்டாயம் எழுதுங்கள்.

முதல் வகைக்கு லிஃப்ட் உதாரணம். "2வது மாடி, லிஃப்ட் இல்லை, 34 படிகள்" என்று எழுதினால் முட்டி வலி உள்ள பெற்றோரோடு இருக்கிறவர் வர மாட்டார். வந்திருந்தாலும் அவர் வாங்கியிருக்க மாட்டார், உங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் போயிருக்கும். படியின் அகலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், பீரோ ஏறுமா என்று கேட்பார்கள்.

தண்ணீருக்குத் தனி வரி ஒதுக்குங்கள். "24 மணி நேரத் தண்ணீர்" என்றால் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். எங்கிருந்து வருகிறது? போரா, கார்ப்பரேஷன் தண்ணீரா, லாரியா? போர் தண்ணீர் உப்பா? கோடையில் லாரி வாங்க வேண்டியிருந்தால் அந்தச் செலவு மெயின்டனன்ஸில் சேர்ந்ததா, தனியா? இதற்கெல்லாம் இரண்டு வாக்கியம் போதும்.

வெள்ளம் பற்றியும் அப்படியே. தென் சென்னையில் வீடு பார்க்கிற எவரும் "2015-ல தண்ணி வந்துச்சா?" என்று கேட்காமல் போவதில்லை. 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அந்த ஆண்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள். "எங்கள் ஏரியாவில் பிரச்சினையே இல்லை" என்ற பதிலை யாரும் நம்புவதில்லை. தெருவில் எதுவரை வந்தது, பார்க்கிங்கில் வந்ததா, மோட்டாரும் மீட்டர் பெட்டியும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன, மின்சாரம் எத்தனை நாள் இல்லை என்று சொல்லுங்கள். மாடி வீட்டுக்குள் தண்ணீர் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். கீழே மோட்டார் முங்கினால் மேலே குடிக்கத் தண்ணீர் இருக்காது என்பதும் தெரியும். நீங்கள் 2018-ல்தான் வாங்கினீர்கள் என்றால் அதற்கு முந்தையதைப் பற்றி உறுதி கொடுக்காமல், வாங்கிய ஆண்டைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகைதான் கனமானது. மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து கசிவு இருந்து, பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் வருகிறவர் கண்ணுக்குப் படாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து உரிமை மாற்றச் சட்டம், 55-ஆவது பிரிவில், விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. "சின்ன அறைக் கூரையில் மேல் வீட்டுக் கசிவு இருந்தது, 2022-ல் மேலே டைல்ஸ் பெயர்த்துச் சரிசெய்தோம், அதன்பின் இரண்டு மழைக்காலம் ஈரம் இல்லை" என்று எழுதினால் பயந்து ஓடுவார்கள் என்று நினைக்காதீர்கள். இருபது வயதுக் கட்டடத்தில் கசிவு இருந்திருக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். அது சரியாகிவிட்டதா என்பதுதான் அவர்கள் தேடும் தகவல்.

"மொபைல்ல வைடு ஆங்கிள் வச்சு எடுத்தா ரூம் பெருசாத் தெரியுது. போடலாமா?"

அறைக்கு ஒரு படம் சாதாரண லென்ஸில், நெஞ்சு உயரத்தில், வாசலில் நின்று எடுங்கள். குளியலறை மாதிரிச் சின்ன இடத்துக்கு வைடு தவிர வழியில்லை என்றால் படத்தின் கீழ் அறையின் அளவை எழுதிவிடுங்கள். எழுத்தில் 9 அடி என்று சொல்லி, படத்தில் 15 அடி மாதிரிக் காட்டினால் எழுத்தையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள்.

"இந்த ரெரா சட்டம் எல்லாம் என்னைக் கட்டுப்படுத்துமா?"

சொந்த ஃபிளாட்டை மறுவிற்பனை செய்கிற தனிநபர் அந்தச் சட்டம் சொல்லும் பில்டர் ஆக மாட்டார். புதிய திட்டங்களில், மிகச் சிறியவை தவிர மற்றவற்றுக்குப் பதிவு வேண்டும், பதிவு எண்ணை விளம்பரத்தில் போட வேண்டும். விளம்பரத்தில் இருந்த தவறான தகவலை நம்பிப் பணம் கட்டியவருக்கு பில்டர் இழப்பீடு தர வேண்டிவரும். உங்களைப் பொறுத்தவரை மேலே சொன்ன 55-ஆவது பிரிவும், தவறான தகவலை நம்பி ஒப்பந்தம் போட்டவர் அதை ரத்துசெய்ய இடம் தரும் 1872 ஒப்பந்தச் சட்டமும்தான் பொருந்தும். கார்ப்பெட் ஏரியா வரையறையை மட்டும் ரெராவிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாரும் ஒரே முறையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

"சரி, இதையெல்லாம் சேர்த்து முழுசா ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன்."

முதலில் வழக்கமாக வருவது:

"குரோம்பேட்டை பிரைம் லொகேஷனில் 720 சதுர அடி விசாலமான, காற்றோட்டமான 2 பி.எச்.கே. சொகுசு ஃபிளாட். ஸ்டேஷன் 5 நிமிடம். 24 மணி நேரத் தண்ணீர். அரிய வாய்ப்பு, உடனே அழைக்கவும்."

இப்போது அதே வீடு:

"குரோம்பேட்டை, 2 பி.எச்.கே., விற்பனைக்கு. 46 லட்சம். கார்ப்பெட் 487 சதுர அடி, பால்கனி 28, சூப்பர் பில்டப் 720. யு.டி.எஸ். 310. கட்டியது 2006, மூன்று மாடி, இது 2வது மாடி, லிஃப்ட் இல்லை, 34 படிகள். ஒரு கார் மூடிய பார்க்கிங்.

வாசல் வடக்கு. ஹால் (14க்கு 10 அடி) ஜன்னல் கிழக்கு, சாயங்காலம் காற்று நன்றாக வரும். மூன்று பேர் சோஃபாவுக்கு 7 அடிச் சுவர். பெரிய அறை 11க்கு 10, குயின் சைஸ் கட்டிலும் கப்போர்டும் போட்டு இருபுறமும் நடக்கலாம். சின்ன அறை 10க்கு 9, ஒற்றைக் கட்டில், மேசை, கப்போர்டு. மேற்குச் சுவர் என்பதால் கோடையில் மாலையில் சூடு. சமையலறை 8க்கு 7, ஃபிரிட்ஜ் ஹாலில் வைக்க வேண்டும். வாஷிங் மெஷினுக்கு பால்கனியில் குழாய் உண்டு. பரண் இரண்டு.

தண்ணீர்: போர், லேசான உப்பு, கார்ப்பரேஷன் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஸ்டேஷன் 650 மீட்டர், 9 நிமிட நடை. ரயில் சத்தம் பால்கனியில் கேட்கும், அறைகளில் குறைவு. 2023 டிசம்பரில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர், பார்க்கிங்கில் வரவில்லை. சின்ன அறைக் கசிவு 2022-ல் சரிசெய்யப்பட்டது. மெயின்டனன்ஸ் மாதம் 1,500."

நீளம்தான். ஆனால் முதல் விளம்பரத்தைப் பார்த்தவர் போனில் கேட்கப் போகிற கேள்விகள் அத்தனைக்கும் இதில் பதில் இருக்கிறது. கிழக்கு ஜன்னல், இருபுறமும் நடக்கும் படுக்கையறை, மெஷினுக்குக் குழாய் என்று வீட்டின் நல்ல பக்கமும் முன்பைவிடத் தெளிவாக வந்துவிட்டது.

"விளம்பரம் சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்வியைக் குறித்துவையுங்கள். மூன்று பேர் "பைக் எங்கே நிறுத்துறது?" என்று கேட்டால் அந்த வரி விடுபட்டிருக்கிறது, சேருங்கள். வந்து பார்க்கிறவர் உள்ளே நுழைந்ததும் சொல்லும் முதல் வாக்கியத்தையும் கவனியுங்கள். "ஃபோட்டோல பெருசாத் தெரிஞ்சுது" என்றால் படத்தை மாற்றுங்கள். "விலை அதிகம்" என்றால் எழுத்தைத் தொடாதீர்கள், அது விலையைப் பற்றிய பேச்சு. அழைப்பே வரவில்லை என்றால் முதல் இரண்டு வரியையும் அதே ஏரியாவில் அதே கார்ப்பெட் அளவுள்ள மற்ற வீடுகளின் விலையையும் பாருங்கள். அந்த நேரத்தில்தான் "சொகுசு", "அரிய வாய்ப்பு" எல்லாம் மறுபடி உள்ளே வரப் பார்க்கும்.